குழந்தை இருப்பதை எப்போது சொல்வது?

விவாகரத்தாகியோ துணையை இழந்தோ தனியாகப் பிள்ளை வளர்க்கிறீர்கள். மேட்ரிமோனி தளத்திலோ டேட்டிங் ஆப்பிலோ பதிவு செய்திருக்கிறீர்கள், அல்லது அலுவலகத்தில் ஒருவருடன் பேச்சு நெருக்கமாகிவருகிறது. 'எனக்கொரு குழந்தை இருக்கு' என்பதை எப்போது சொல்வது என்று தெரியாமல் நிற்கிறீர்கள். முதல் நாளே சொன்னால் விலகிவிடுவாரோ என்று பயம். தள்ளிப்போட்டால் மறைத்ததாகிவிடுமோ என்று இன்னொரு பயம்.

இதை ஒரே கேள்வியாகப் பார்ப்பதால்தான் குழப்பம் வருகிறது. இதில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. குழந்தை இருக்கிறது என்பதை எப்போது சொல்வது? குழந்தையின் விவரங்களை எப்போது சொல்வது? குழந்தையை எப்போது நேரில் பார்க்கவைப்பது? முதலாவதற்கு விடை 'நேரில் சந்திக்கும் முன்பே'. இரண்டாவதற்கு 'தேவைப்படும்போது, கொஞ்சம் கொஞ்சமாக'. மூன்றாவதற்கு 'எல்லாவற்றுக்கும் கடைசியில்'.

ஏன் சந்திக்கும் முன்பே சொல்ல வேண்டும்?

இன்னொருவருடைய பிள்ளை இருக்கும் வீட்டில் வாழத் தனக்கு விருப்பமா என்று முடிவு செய்யும் உரிமை எதிரில் இருப்பவருக்கும் உண்டு. மூன்று மாதம் பழகிய பிறகு சொன்னால், குழந்தைகள் மீது பிரியமுள்ளவர்கூட, 'இவ்வளவு நாள் ஏன் சொல்லல?' என்றுதான் முதலில் கேட்பார். அதன்பின் பேச்சு குழந்தையைப் பற்றி இருக்காது, நீங்கள் மறைத்ததைப் பற்றியே இருக்கும்.

'சொன்னால் பாதிப் பேர் பதிலே போடமாட்டார்களே?' உண்மைதான், பதில்கள் குறையும். ஆனால் இந்த ஒரு காரணத்துக்காக விலகுகிறவர் எப்போது தெரிந்தாலும் விலகத்தான் போகிறார். முதல் வாரத்தில் விலகினால் உங்களுக்குச் சின்ன ஏமாற்றம். ஆறாம் மாதத்தில் விலகினால் அடி பெரிது.

எங்கே, எப்படிச் சொல்வது?

மேட்ரிமோனி தளங்களில் வேலை எளிது. திருமண நிலை என்ற இடத்தில் விவாகரத்தானவர், துணையை இழந்தவர், விவாகரத்துக்குக் காத்திருப்பவர் என்று பிரித்துக் கேட்பார்கள். குழந்தைகள் எத்தனை பேர், உங்களுடன் இருக்கிறார்களா இல்லையா என்பதும் வழக்கமாக வரும் கேள்விகள். உள்ளதை உள்ளபடி நிரப்புங்கள். பிள்ளை முன்னாள் துணையிடமோ உங்கள் அம்மா வீட்டிலோ வளர்ந்தாலும் 'குழந்தை இல்லை' என்று போடாதீர்கள். வழக்கு இன்னும் முடியவில்லை என்றால் 'விவாகரத்தானவர்' என்றும் போடாதீர்கள்.

டேட்டிங் ஆப்களில் இந்தக் கேள்விக்குப் பதில் தராமலும் விடலாம். அப்படி விட்டிருந்தால், பேச்சு தொடங்கி, சந்திக்கும் எண்ணம் வருவதற்குள் மெசேஜில் சொல்லிவிடுங்கள். நேரில் சொல்லலாம் என்று வைத்திருக்க வேண்டாம். எதிரில் உட்கார்ந்திருப்பவர் மரியாதைக்காகத் தலையாட்டுவார், உண்மையான பதில் வராது. மெசேஜில் என்றால் யோசித்துப் பதில் சொல்ல அவருக்கு நேரம் கிடைக்கும்.

மூன்று வரி போதும்: 'நேர்ல பார்க்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். எனக்கு ஏழு வயசுல ஒரு பொண்ணு இருக்கா, என்கூடத்தான் இருக்கா. உங்களுக்கு இது சரிவருமான்னு யோசிச்சுட்டு சொல்லுங்க.' மன்னிப்புக் கேட்கிற தொனி வேண்டாம். 'இருந்தாலும் நான் நல்லாப் பார்த்துப்பேன்' போன்ற சமாதானமும் வேண்டாம். பழைய திருமணம் ஏன் முறிந்தது என்ற கதைக்கும் இது இடமில்லை.

ஆண்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மனைவியை இழந்தவர்களும் பிரிந்தவர்களும் 'என் குழந்தைகளுக்கு ஒரு நல்ல தாய் தேவை' என்று எழுதுவது நம் ஊர் வழக்கம். படிக்கிற பெண்ணுக்கு அது ஆயா வேலைக்கு ஆள் தேடுவதுபோலத் தெரியும். குழந்தைகள் இருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். தேடுவது உங்களுக்கான துணையை என்பதும் அதில் தெரியட்டும்.

எதையெல்லாம் சொல்லக் கூடாது?

தொடக்கத்தில் எத்தனை குழந்தைகள், ஏறத்தாழ என்ன வயது, யாருடன் இருக்கிறார்கள் என்ற மூன்றுக்கு மேல் யாருக்கும் தேவையில்லை. பெயர், பள்ளி, டியூஷன் நேரம், எந்த வேனில் போகிறது என்பதெல்லாம் உங்களிடமே இருக்கட்டும். உங்கள் ப்ரொஃபைலிலும் வாட்ஸ்அப் டிபியிலும் குழந்தையின் படம் வேண்டாம். பள்ளிச் சீருடையில் எடுத்த ஒரு படத்திலிருந்தே எந்தப் பள்ளி என்று கண்டுபிடித்துவிடலாம்.

இவ்வளவு எச்சரிக்கை எதற்கு? தனியாகப் பிள்ளை வளர்ப்பவரோடு பழகினால் பிள்ளையை எளிதில் நெருங்கலாம் என்று வருகிறவர்களும் உண்டு. முதல் வாரத்திலேயே 'பாப்பா போட்டோ அனுப்புங்க' என்று விடாமல் கேட்பது, உங்களைவிடக் குழந்தையைப் பற்றியே அதிகம் விசாரிப்பது, பார்க்காத குழந்தைக்கு விலையுயர்ந்த பரிசு வாங்குவது, 'நீங்க ஆபீஸ் போங்க, நான் பார்த்துக்கறேன்' என்று முந்திக்கொண்டு வருவது ஆகியவற்றைப் பாசம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒருமுறை மறுத்துப் பாருங்கள். நல்ல எண்ணம் உள்ளவர் அத்தோடு விட்டுவிடுவார். கோபப்படுகிறவரிடமும் மறுபடி மறுபடி கேட்கிறவரிடமும் பழக்கத்தை நிறுத்திக்கொள்ளுங்கள்.

மற்ற விவரங்களை எப்போது சொல்வது?

இதற்கு ஓர் அளவுகோல் உண்டு. ஒரு விவரம் அந்த நபரின் நேரத்தையோ பணத்தையோ எதிர்காலத் திட்டத்தையோ தொடும்போது அதைச் சொல்ல வேண்டும். அதுவரை சொல்லாமல் இருப்பது மறைப்பதாகாது.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். கோவையில் கணக்காளராக இருக்கும் 34 வயதுப் பெண். ஏழு வயது மகள் அவரிடம் இருக்கிறாள். மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகளில் அப்பா வந்து அழைத்துப்போய் மாலையில் கொண்டுவந்து விட வேண்டும் என்பது நீதிமன்ற உத்தரவு. இவருக்கு ஆப்பில் ஒருவர் அறிமுகமாகிறார். மகள் இருப்பதை முதல் வாரமே மெசேஜில் சொல்லிவிடுகிறார். 'பிரச்சினை இல்லை, பார்க்கலாம்' என்று பதில் வருகிறது. முதல் இரண்டு சந்திப்புகளிலும் மகளைப் பற்றிப் பேச்சு வந்தால் பொதுவாக, 'ரெண்டாம் கிளாஸ் போறா, ஓயாமப் பேசுவா' என்ற அளவோடு நிறுத்திக்கொள்கிறார்.

மூன்றாவது சந்திப்பில் அந்த நபர், 'வர்ற சனி, ஞாயிறு ஊட்டி போலாமா?' என்று கேட்கிறார். இப்போது விவரம் அவருடைய நேரத்தைத் தொடுகிறது. 'ராத்திரி தங்க முடியாது. ரெண்டு சனிக்கிழமை அவ அப்பாகூட இருப்பா, அன்னைக்குப் பகல்ல மட்டும் நான் ஃப்ரீ. அவளுக்கு உடம்பு சரியில்லைன்னா அதுவும் கேன்சல்தான்' என்று இவர் சொல்கிறார்.

இதற்கு வரும் பதில் பல நாள் பேச்சில் தெரியாததைக் காட்டிவிடும். 'சரி, அப்ப சனிக்கிழமை மதியம் சாப்பிடப் போலாம்' என்றால் உங்கள் வாழ்க்கையின் அளவுக்குள் வர அவர் தயார். 'ஒரு நாள் உங்க அம்மாகிட்ட விட்டுட்டு வரக் கூடாதா?' என்று ஒருமுறை கேட்டால் தவறில்லை, அவருக்குப் பழக்கமில்லாத விஷயம். ஒவ்வொரு வாரமும் அதையே கேட்டால், குழந்தை அவருக்கு இடைஞ்சலாகத் தெரிகிறது என்று அர்த்தம்.

பழக்கம் கல்யாணப் பேச்சை நோக்கி நகரும்போது இன்னும் சிலவற்றையும் பேச வேண்டும். பள்ளிக் கட்டணம் யார் கட்டுகிறார்கள், ஜீவனாம்சம் (பிரிந்த துணை தரும் பராமரிப்புத் தொகை) வருகிறதா, பிள்ளையின் அப்பாவோ அம்மாவோ தொடர்ந்து வந்துபோவார்களா, நீங்கள் இருவரும் இன்னொரு குழந்தை பெற விரும்புகிறீர்களா என்பவை அவை. கடைசிக் கேள்வியை அவர் கேட்கட்டும் என்று விட்டுவிடாமல் நீங்களே கேளுங்கள்.

குழந்தையிடம் எப்போது சொல்வது?

நீங்கள் இருவரும் 'இது தொடரும்' என்ற முடிவுக்கு வந்த பிறகு. ஏற்கெனவே ஒருவர் வீட்டைவிட்டுப் போனதைப் பார்த்த பிள்ளை, அடுத்தவரோடு ஒட்டிக்கொண்டு அவரும் போனால் இரண்டாம் முறை தாங்க வேண்டும். பதின்ம வயதுப் பிள்ளை என்றால் கொஞ்சம் முன்னதாகவே சொல்லிவிடுவது நல்லது. அவர்கள் உங்கள் போனையும் முகத்தையும் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள்.

முதல் சந்திப்பை வீட்டில் வைக்காதீர்கள். பூங்காவிலோ ஐஸ்கிரீம் கடையிலோ ஒரு மணி நேரம் போதும். 'அம்மாவோட ஃப்ரெண்ட், இந்த அங்கிள்' என்பதற்கு மேல் அறிமுகம் வேண்டாம், 'அப்பா' என்று கூப்பிடச் சொல்லவும் வேண்டாம். 'பாட்டிகிட்ட சொல்லாதே' என்று மட்டும் ஒருபோதும் சொல்லிவிடாதீர்கள். பெரியவர்களுக்காக ரகசியம் காக்கப் பழகிய குழந்தை, சொல்ல வேண்டிய ஆபத்தையும் சொல்லாமல் இருந்துவிடும். பாட்டிக்குத் தெரியக் கூடாது என்றால், குழந்தைக்குத் தெரியும் காலமும் இன்னும் வரவில்லை.

சட்டத்தில் இதற்கு ஏதாவது பங்கு உண்டா?

பழகும் கட்டத்தில் பெரும்பாலும் இல்லை, கல்யாணத்துக்குப் பிறகு உண்டு. இந்து திருமணச் சட்டம், 1955-இன் 12-ஆம் பிரிவின்படி, முக்கியமான உண்மையை மறைத்து ஏமாற்றிச் சம்மதம் பெற்றிருந்தால், ஏமாற்றப்பட்டவர் அந்தத் திருமணத்தை ரத்து செய்யக் கேட்கலாம். உண்மை தெரிந்த ஓராண்டுக்குள் மனு போட வேண்டும். குழந்தையை மறைத்தது அப்படிப்பட்ட ஏமாற்றா என்பதை நீதிமன்றம் அந்தந்த வழக்கின் சூழலைப் பார்த்து முடிவு செய்யும். அந்த வழக்குக்கு இடம்கொடுக்காமல் இருப்பதே நல்லது.

'மறுமணம் செய்தால் பிள்ளையைப் பறித்துக்கொள்வார்களா?' மறுமணம் என்ற ஒரே காரணத்துக்காகப் பாதுகாப்பு உரிமை (பிள்ளையைத் தன்னிடம் வைத்து வளர்க்கும் உரிமை) தானாகப் போய்விடாது. நீதிமன்றம் முதலில் பார்ப்பது குழந்தையின் நலன்தான். ஆனால் எதிர்த்தரப்பு வழக்கில் இதை எடுத்துவைக்கலாம். வழக்கு நிலுவையில் இருந்தால் டேட்டிங் தொடங்கும் முன்பே வழக்கறிஞரிடம் பேசிவிடுங்கள்.

ஏற்கெனவே மறைத்துவிட்டேன், இப்போது என்ன செய்வது?

அடுத்த சந்திப்புக்குக் காத்திருக்காமல் இன்றே போனில் சொல்லுங்கள். 'உங்ககிட்ட ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன், அது என் தப்பு. எனக்கு ஒரு பையன் இருக்கான், அஞ்சு வயசு. நீங்க போயிடுவீங்களோன்னு பயந்துட்டேன்.' இதோடு நிறுத்திக்கொண்டு அவர் பேசுவதைக் கேளுங்கள். கோபம் வந்தால் வரட்டும், அதற்கு அவருக்கு உரிமை உண்டு. சில நாள் அவகாசம் கேட்டால் கொடுங்கள், நடுவில் மெசேஜ் போட்டுத் தொந்தரவு செய்யாதீர்கள். திரும்பி வந்து பையனின் படிப்பு, வீட்டு நிலவரம் என்று கேள்வி கேட்டால் தொடரலாம். 'பரவாயில்லை, அவனை ஹாஸ்டல்ல சேர்த்துடலாம்' என்றால் இங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.