திரும்பி வரப்போகும் மோட்டார்கள் எத்தனை?

2007 ஜூலை 5 அன்று மைக்ரோசாஃப்ட் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுக் கருவியில் மூன்று சிவப்பு விளக்குகள் எரிந்து அது செயலிழந்தால், வாங்கியதிலிருந்து மூன்று ஆண்டுகள் வரை இலவசமாகச் சரிசெய்து தரப்படும் என்றது. அதற்கு 105 முதல் 115 கோடி டாலர் வரை செலவாகும் என்றும் சொன்னது. அறிவிப்பு ஜூலையில் வந்தாலும் தொகை ஏறியது ஜூன் 30-ல் முடிந்த காலாண்டின் கணக்கில். கருவிகள் அதற்கு முன்பே விற்கப்பட்டுவிட்டன, பழுதும் அவற்றுக்குள் அப்போதே இருந்தது என்பதுதான் காரணம்.

வாரண்டிக் கணக்கின் அடிப்படையே இதுதான். மோட்டார் அடுத்த ஆண்டு எரியலாம். ஆனால் அதைச் சரிசெய்து தரும் பொறுப்பு, விற்ற அன்றே நிறுவனத்தின் தலையில் ஏறிவிடுகிறது. அதனால் வரப்போகும் செலவை இப்போதே கணித்து ஒதுக்க வேண்டும். இந்தியாவில் பெரிய நிறுவனங்களுக்கு இந்த விதியைச் சொல்வது இண்ட் ஏஎஸ் 37 என்ற கணக்கியல் தரநிலை. ஒதுக்கீட்டைக் குறைத்துக் காட்டினால் அந்த ஆண்டு லாபம் கூடித் தெரியும். ஆடிட்டர் இந்த ஒரு வரியின் மேல் அதிக நேரம் உட்கார்ந்திருப்பதற்கு அதுவே போதுமான காரணம்.

நிறுவனம் சொல்லும் எண்ணை அவர் எப்படிச் சோதிக்கிறார்? ஒரு கற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். கோவையில் கிணற்று மோட்டார் செய்கிறது, 24 மாத வாரண்டி தருகிறது, வியாபாரம் நன்றாக வளர்கிறது. 2022-23-ல் 50,000 மோட்டார், அடுத்த ஆண்டு 80,000, 2024-25-ல் 1,20,000 விற்றிருக்கிறது. அந்தக் கடைசி ஆண்டில் பழுதென்று வந்தவை 4,600. விற்பனையில் இது 3.8 சதவீதம். “நாங்கள் தாராளமாக 4 சதவீதமே போட்டிருக்கிறோம்” என்கிறார் கணக்கு மேலாளர். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

ஆனால் இந்தச் சதவீதத்தில் ஒரு வழுக்கல் உண்டு. மேலே இருக்கும் 4,600-ல் பெரும்பகுதி முந்தைய ஆண்டுகளில் விற்ற மோட்டார்கள். கீழே இருக்கும் 1,20,000 இந்த ஆண்டு விற்றவை. அவற்றில் பல இன்னும் ஒரு கோடையைக்கூடப் பார்க்கவில்லை. பழைய சிறிய கூட்டத்தின் பழுதைப் புதிய பெரிய கூட்டத்தால் வகுத்தால், விற்பனை வளர வளரத் தரமும் உயர்வதுபோல ஒரு தோற்றம் கிடைக்கும்.

ஆகவே ஆடிட்டர் அந்த 4,600-ஐயும் பிரித்து, ஒவ்வொன்றும் எப்போது விற்கப்பட்டது என்று சீரியல் நம்பரை வைத்து அடுக்குகிறார். 2022-23-ல் விற்ற 50,000-ஐப் பின்தொடர்ந்தால், விற்ற ஆண்டிலேயே 500, அடுத்த ஆண்டில் 1,500, மூன்றாவது ஆண்டில் 1,000 திரும்பியிருக்கின்றன. ஆண்டு நடுவில் விற்றவற்றின் வாரண்டி மூன்றாவது நிதியாண்டுக்குள்ளும் நீள்வதால் அந்தக் கடைசி வால். மொத்தம் 3,000, அதாவது 6 சதவீதம். அடுத்த இரண்டு ஆண்டுகளின் மோட்டார்களும் இதுவரை அதே தடத்தில்தான் போகின்றன.

இப்போது வித்தியாசம் வெளியே வருகிறது. 4 சதவீதக் கணக்குப்படி, 2024-25-ல் விற்றவற்றில் 4,800 திரும்பும். 1,200 வந்தாயிற்று, மீதி 3,600. அதற்கு முந்தைய ஆண்டின் 80,000-க்கு மீதி எதுவுமில்லை, 3,200 ஏற்கெனவே வந்து கணக்குத் தீர்ந்துவிட்டது. ஆனால் 6 சதவீதத் தடத்தின்படி பார்த்தால் புதியவற்றில் இன்னும் 6,000, முந்தைய ஆண்டினதில் இன்னும் 1,600, ஆக 7,600 வரவேண்டியிருக்கிறது. ஒரு பழுதுக்கு 1,500 ரூபாய் என்றால், தேவையான ஒதுக்கீடு 54 லட்சம் அல்ல, 1 கோடியே 14 லட்சம்.

இதைச் சரிபார்க்க இன்னொரு வழியும் உண்டு. கணக்கு மதிப்பீடுகளுக்கான தணிக்கைத் தரநிலையான எஸ்ஏ 540, முந்தைய மதிப்பீடு எப்படி முடிந்தது என்று திரும்பிப் பார்க்கச் சொல்கிறது. நம் நிறுவனம் போன மார்ச்சில், அதே 4 சதவீத முறையில், 2,400 மோட்டார்களுக்கு ஒதுக்கியிருந்தது. அடுத்த பன்னிரண்டே மாதத்தில் அந்தப் பழைய விற்பனையிலிருந்து வந்தவை 3,400. இன்னும் வர வேண்டியவை வேறு. ஓராண்டு தவறுவது இயல்பு. ஒவ்வோர் ஆண்டும் ஒரே பக்கமாகத் தவறினால், மேலாளரை உட்கார வைத்துக் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன.

எண்ணிக்கை ஒரு பாதி என்றால் செலவு மறு பாதி. 1,500 ரூபாய் என்பது எதன் சராசரி? கடந்த ஆண்டின் பில்களில் இருப்பது பழைய செம்புக் கம்பி விலை, பழைய கூலி. காயில் சுற்றும் மெக்கானிக்குக்குப் புதிய ஒப்பந்தத்தில் என்ன கூலி, கம்பியின் இப்போதைய கொள்முதல் விலை என்ன என்று ஆடிட்டர் ஆவணம் கேட்பார். மோட்டாரைக் கொண்டுவந்து திருப்பி அனுப்பும் செலவு பலரும் விட்டுவிடும் இடம். எக்ஸ்பாக்ஸ் பிரிவின் அப்போதைய தலைவர் பீட்டர் மூர், பின்னாளில் ஒரு பேட்டியில், அந்த 115 கோடி டாலரில் ஏறக்குறைய 24 கோடி கூரியருக்கே போனது என்றார்.

“கெபாசிட்டர் சப்ளையர் பாதி தந்துவிடுவார்” என்று சொல்லி ஒதுக்கீட்டைக் குறைப்பதும் நடக்கும். அந்தப் பணம் வருவது ஏறக்குறைய உறுதி என்றால்தான் அதைக் கணக்கில் காட்டலாம். அப்போதும் சொத்துப் பக்கத்தில் தனி வரியாக. ஒதுக்கீட்டில் கழிக்க முடியாது.

கடந்த காலத்தை எவ்வளவு அடுக்கினாலும் அது சொல்லாத விஷயங்களும் உண்டு. எக்ஸ்பாக்ஸுக்கு அமெரிக்காவில் முதலில் இருந்த வாரண்டி 90 நாள் மட்டுமே. சிப்புக்குள் இருந்த நுண் இணைப்புகளோ மீண்டும் மீண்டும் சூடாகிக் குளிர்ந்து மெல்ல விட்டுப்போகிறவை. முதல் மூன்று மாதப் புகார்ப் பட்டியலில் அந்தக் குறை முழு அளவில் தெரிந்திருக்க வழியில்லை. நம் நிறுவனமும் இந்த ஆண்டு பேரிங்கை மாற்றியிருந்தால், அல்லது வாரண்டியை 36 மாதமாக்கியிருந்தால், 6 சதவீதத் தடம் அப்படியே பொருந்தாது. ஆடிட்டர் கணக்குப் பிரிவை விட்டு எழுந்து, தரச்சோதனைப் பிரிவின் அறிக்கைகளையும் டீலர்கள் அனுப்பிய புகார்க் கடிதங்களையும் கேட்பது இந்தக் கட்டத்தில்தான். வாரண்டி முடிந்த பிறகும் நல்ல டீலருக்காக இலவசமாகச் செய்துகொடுக்கும் பழக்கம் இருக்கிறதா என்றும் கேட்பார். வழக்கமாகிவிட்ட சலுகைக்கும் ஒதுக்கீடு வேண்டும்.

இத்தனைக்கும் ஆதாரமான பட்டியலே முழுமையாக இருந்தால்தான் இந்தக் கணக்கெல்லாம் நிற்கும். கணினியில் உள்ள கிளெய்மை எடுத்து ஜாப் கார்டோடு ஒப்பிட்டால், பொய்க் கிளெய்ம் மாட்டும், விட்டுப்போனது மாட்டாது. அதனால் எதிர்த்திசையிலும் நடக்க வேண்டும். மார்ச் 31 மாலை சர்வீஸ் சென்டரின் பின்பக்கம் போய், அங்கே சாய்த்து வைத்திருக்கும் மோட்டார்களில் இருபது முப்பதின் சீரியல் நம்பரைக் குறித்துக்கொள்கிறார் ஆடிட்டரின் உதவியாளர். பிறகு பட்டியலில் தேடுகிறார். ஏழு நம்பர்கள் இல்லை. ஏப்ரல் பட்டியலைத் திறந்தால், அந்த ஏழும் ஏப்ரல் 2-ஆம் தேதி வந்ததாகப் பதிவாகியிருக்கின்றன.