கணக்கு நோட்டு – 7: எண்பத்தைந்து எங்கே நிற்கிறது?

சென்ற வாரம் பார்த்தது இனமாற்றம் இல்லாத கூட்டல். எந்த இடத்திலும் கூடுதல் ஒன்பதைத் தாண்டாத கணக்குகள். இந்த வாரத்துக்கு ஒரே ஒரு கணக்கு: 347 + 85. தொடக்கப்பள்ளிப் பயிற்சித்தாளில் வழக்கமாக வருவதுதான். ஆனால் இதற்கு 432, 31212, 322, 1197 என்று நான்கு விடைகள் வரக்கூடும். முதல் விடை மட்டும் சரி. மற்ற மூன்றையும் சிவப்பு மையால் அடித்துவிட்டு நகர்வது எளிது. அடிப்பதற்கு முன் அந்த எண்ணையே கொஞ்சம் உற்றுப் பார்த்தால், பிள்ளை எந்த இடத்தில் வழி மாறியது என்பது தெரிந்துவிடும்.

சரியான வழியிலிருந்து தொடங்குவோம். 7-ம் 5-ம் 12. அதாவது ஒரு பத்து, இரண்டு ஒன்றுகள். குச்சிகளை வைத்துச் செய்தால், பன்னிரண்டில் பத்தை எடுத்து ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவிடுகிறோம். உதிரியாக இருப்பவை இரண்டு. ஒன்றுகள் இடத்தில் அந்த 2 மட்டும் நிற்கும். கட்டு, பத்துகளோடு சேர வேண்டியது. அதனால்தான் 4-இன் தலைக்கு மேல் சின்னதாக ஒரு 1 எழுதுகிறோம். இப்போது பத்துகள்: 1, 4, 8 சேர்ந்து 13. பதின்மூன்று பத்துக்கட்டுகள் என்றால் ஒரு நூறும் மூன்று பத்துகளும். 3 இங்கே நிற்கும். நூறு, 3-இன் தலைக்கு மேல் ஏறும். 1-ம் 3-ம் 4. விடை 432.

வகுப்பில் இதைப் பிள்ளைகள் பாட்டாகவே சொல்வார்கள்: “பன்னெண்டுக்கு ரெண்டு போட்டு, ஒண்ணு மேல.” ஏறியது ஒன்று அல்ல, பத்து. அடுத்த முறை ஏறியது நூறு. பத்துகள் இடத்துக்கு மேலே எழுதப்பட்டதால்தான் அந்த 1-க்குப் பத்து என்ற மதிப்பு வருகிறது. இதைக் குச்சிக்கட்டில் பார்க்காமல் பாட்டாக மட்டும் கற்ற பிள்ளைக்கு, மேலே எழுதும் அந்த 1 வெறும் சடங்கு. சடங்கு மறந்துபோகும்.

மறந்தால் வருவதுதான் 322. 12-க்கு 2 போட்டு, அடுத்த 12-க்கும் 2 போட்டு, 3-ஐ இறக்கிவிட்டது பிள்ளை. சரியான விடையைவிட 110 குறைவு. ஒரு பத்தும் ஒரு நூறும் காணாமல்போயிருக்கின்றன. 10, 100, 110 என்று குறைந்தால், ஏற வேண்டியது ஏறவில்லை என்று முதலில் சந்தேகிக்கலாம். 31212 வேறு கதை. அங்கே எதுவும் மறக்கப்படவில்லை. 12, 12, 3 மூன்றையும் அப்படியே பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டது பிள்ளை. ஒவ்வொரு கூட்டலும் சரி. ஓர் இடத்தில் ஓர் இலக்கம்தான் நிற்க முடியும் என்பது மட்டும் இன்னும் பதியவில்லை.

இரண்டு எண்களைக் கூட்டும்போது ஏறுவது எப்போதும் 1-தான். 9, 9, கீழிருந்து வந்த 1 எல்லாம் சேர்ந்தாலும் 19-ஐத் தாண்டாது. இது தொடக்கத்தில் வசதி, பிறகு தொந்தரவு. மேலே எழுத வேண்டியது 1 என்றே கை பழகிவிடும். 68, 57, 79 மூன்றையும் கூட்டச் சொன்னால் ஒன்றுகள் 24. ஏற வேண்டியது 2. பழகிய கை 1-ஐ எழுதும், 204-க்குப் பதில் 194 வரும்.

இனி 1197.

```
   347        347
 +  85      + 85
 -----      -----
   432       1197
```

இந்தப் பிள்ளையின் கூட்டலில் பிழையே இல்லை. 7-க்குக் கீழே ஒன்றுமில்லை, 7. 4-ம் 5-ம் 9. 3-ம் 8-ம் 11. மூன்றும் சரி. எண்பத்தைந்து நின்ற இடம்தான் தவறு. நாம் இடமிருந்து வலமாக எழுதுகிறோம்; புதிய வரியை இடது ஓரத்தில் தொடங்குகிறோம். எழுதப் பழகிய கை 8-ஐ 3-இன் கீழ் வைப்பது இயல்பு. ஆனால் 3-இன் கீழ் நின்றதும் அந்த 8 எண்ணூறு ஆகிவிட்டது. 5 ஐம்பது ஆகிவிட்டது. பிள்ளை உண்மையில் கூட்டியது 347-ஐயும் 850-ஐயும்.

பழைய தமிழ் எண் முறையில் இந்தப் பிழைக்கு வழியே இல்லை. அங்கே பத்துக்கு ௰, நூறுக்கு ௱ என்று தனிக் குறிகள் உண்டு. 347 என்பது ௩௱௪௰௭; 85 என்பது ௮௰௫. எட்டுக்குப் பக்கத்திலேயே பத்து எழுதியிருப்பதால், அதை எங்கே தள்ளி எழுதினாலும் அது எண்பதுதான். இன்று நாம் எழுதும் முறையில் அந்தக் குறி இல்லை. நிற்கும் இடம்தான் குறி. இடம் நகர்ந்தால் மதிப்பும் நகரும்.

எவ்வளவு நகரும் என்பதைக் கணக்கிட்டுவிடலாம். 1197-க்கும் 432-க்கும் வித்தியாசம் 765. அது 85-இன் ஒன்பது மடங்கு. ஒரு முறை இருக்க வேண்டிய 85 பத்து முறை ஆகிவிட்டதால், கூடுதலாக வந்தவை ஒன்பது. கூட்டப்படும் எண் ஓர் இடம் இடப்பக்கம் நகர்ந்தால், விடை அந்த எண்ணின் ஒன்பது மடங்கு கூடும். திருத்துபவர் வித்தியாசத்தை ஒன்பதால் வகுத்துப் பார்த்து, கணக்கில் உள்ள எண்ணே ஈவாக வந்தால், இலக்கங்களைச் சரிபார்ப்பதை விட்டுவிட்டு வரிசையைப் பார்க்கலாம்.

இதில் ஒரு கண்ணி உண்டு. இலக்கங்களைக் கூட்டிச் சரிபார்க்கும் பழைய முறையைப் பலர் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறார்கள். 347-க்கு 14, அதிலிருந்து 5. 85-க்கு 13, அதிலிருந்து 4. கூட்டினால் 9, விடையின் இலக்கங்களும் 9-இல் முடிய வேண்டும். 432 தேறுகிறது. 322-க்கு 7 வருவதால் மாட்டிக்கொள்கிறது. ஆனால் 1197-க்கு 18, அதிலிருந்து 9, அதுவும் தேறிவிடும்! 31212-ம் தேறிவிடும். ஒன்பதின் மடங்காக வரும் எந்தப் பிழையும் இந்தச் சோதனையின் கண்ணில் படாது. வரிசைப் பிழைக்குச் சரியான சோதனை மதிப்பீடுதான். 85, நூறைவிடக் குறைவு. அதனால் விடை 447-ஐத் தொடக்கூடாது. கூட்டுவதற்கு முன்பே இதைச் சொல்லப் பழகிய பிள்ளை 1197-ஐப் பார்த்ததும் நிமிர்ந்துவிடும்.

பயிற்சித்தாள்களிலும் ஒரு குறை இருக்கிறது. பெரும்பாலும் எண்கள் ஏற்கெனவே ஒன்றின் கீழ் ஒன்றாக, கட்டத்துக்குள் அச்சாகியிருக்கும். வரிசைப்படுத்தும் வேலையைத் தாளே செய்துவிடுவதால், பிள்ளை அதைச் செய்து பழகுவதே இல்லை. பக்கவாட்டில் 347 + 85 = என்று கொடுத்து வெறும் இடம் விட்ட அன்றுதான் 1197 வெளிவருகிறது. ஆகவே சில கணக்குகளையாவது பக்கவாட்டில் கொடுத்து, கட்டம் போட்ட நோட்டில் பிள்ளையையே எடுத்தெழுதச் சொல்ல வேண்டும். கூட்டச் சொல்லக்கூட வேண்டாம். எழுதி, ஒவ்வோர் இலக்கமும் ஒன்றா, பத்தா, நூறா என்று வாய்விட்டுச் சொன்னால் போதும்.

“வலது ஓரத்தைச் சேர்த்து எழுது” என்று மட்டும் சொல்லிக்கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. முழு எண்களுக்கு அது பலிக்கும். தசம எண் வந்ததும் அதே விதி காலை வாரிவிடும். 12.5-ஐயும் 3.75-ஐயும் வலது ஓரம் சேர்த்து எழுதினால் 125-ம் 375-ம் கூடி 500 ஆகும்; புள்ளியை 3.75-ஐப் பார்த்து வைத்தால் 5.00. பன்னிரண்டரையோடு எதையோ கூட்டி ஐந்து வந்திருக்கிறது. சரியான விடை 16.25. ஒன்றுகளின் கீழ் ஒன்றுகள், பத்துகளின் கீழ் பத்துகள் என்று முதலிலேயே கற்ற பிள்ளை இங்கே புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை. புள்ளிக்குக் கீழே புள்ளி தானாக வந்து நிற்கும்.

(அடுத்த வாரம்: 402-இலிருந்து 67-ஐக் கழிக்கும்போது, நடுவில் இருக்கும் பூஜ்ஜியத்திடம் கடன் கேட்பது எப்படி?)