காணொளியில் மருத்துவர், நடுவில் மொழிபெயர்ப்பாளர்

ஆஸ்திரேலியாவில் வீட்டிலிருந்தபடியே மருத்துவரிடம் பேசும் வசதி 2020 மார்ச்சில் கொரோனாவை முன்னிட்டுப் பரவலாகத் திறந்துவிடப்பட்டது. தற்காலிகமாக வந்த அந்த ஏற்பாடு 2022 ஜனவரியில் மெடிகேர் திட்டத்தின் நிரந்தரப் பகுதியாயிற்று. விக்டோரியா மாநிலத்துப் பொது மருத்துவமனைகள் பலவும் இதற்கு ஹெல்த்டைரக்ட் வீடியோ கால் என்ற சேவையைப் பயன்படுத்துகின்றன. தனிச் செயலி எதையும் இறக்க வேண்டியதில்லை. கணக்குத் தொடங்கவும் வேண்டாம். மருத்துவமனை அனுப்பும் இணைப்பைக் குரோம், சஃபாரி போன்ற உலாவியில் திறந்தால் போதும். ஆனால் அந்தத் திரையும் அறிவிப்புகளும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வரும். மருத்துவரும் ஆங்கிலத்தில்தான் பேசுவார். மெல்பர்னில் பிள்ளைகளோடு வசிக்கும் தமிழ்ப் பெற்றோருக்குச் சிக்கல் தொடங்கும் இடம் இதுதான்.

டான்டினாங் பகுதியில் மகள் வீட்டில் இருக்கும் எழுபது வயதுத் தாய் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். ஊர் யாழ்ப்பாணம், ஆங்கிலம் ஓரளவு புரியும், பேச வராது. சர்க்கரை நோய்ப் பிரிவில் வரும் செவ்வாய் காலை 10:30க்குக் காணொளிச் சந்திப்பு. அன்று மகளுக்கு வேலை நாள். இந்தச் சந்திப்பு ஒழுங்காக நடக்குமா என்பது செவ்வாய்க்கிழமைக்கு முன்பே ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. நேரம் குறிக்கும்போதே ‘தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்’ என்று சொல்லிவைத்தார்களா என்பதே கேள்வி. பொது மருத்துவமனையில் இதற்கு நோயாளி பணம் கட்ட வேண்டியதில்லை. தனியார் மருத்துவர்களுக்கும், மெடிகேர் கழிவு உள்ள சிகிச்சைகளுக்கு, அரசின் டிஐஎஸ் நேஷனல் அமைப்பு இலவசமாக மொழிபெயர்ப்பாளரை இணைத்துத் தருகிறது. கேட்டால் கிடைக்கும், கேட்காவிட்டால், ‘கூட மகள் இருக்கிறாரே’ என்று விட்டுவிடுவதும் உண்டு.

மகள் இருக்கும்போது இன்னொருவர் எதற்கு என்று பல வீடுகளில் கேட்பார்கள். காரணம் இருக்கிறது. வீட்டார் தங்களை அறியாமலேயே சேர்த்தும் குறைத்தும் சொல்லிவிடுவார்கள். தாய் இன்சுலினைச் சில நாள் விட்டுவிட்டதை மகள் முன் ஒப்புக்கொள்ளத் தயங்குவார். சிறுநீர்த் தொந்தரவைப் பேசவே மாட்டார். தொழில்முறை மொழிபெயர்ப்பாளர்கள் நாட்டி என்ற தேசியத் தரச்சான்று அமைப்பின் தேர்வில் தேறியவர்கள். கேட்டதை வெளியே சொல்லக் கூடாது, தம் கருத்தைச் சேர்க்கக் கூடாது என்ற ஒழுக்க விதிக்குக் கட்டுப்பட்டவர்கள். பெண் மொழிபெயர்ப்பாளர் வேண்டும், இலங்கைத் தமிழ் பழகியவர் வேண்டும் என்றும் முன்கூட்டியே கேட்டுப் பார்க்கலாம். யாழ்ப்பாணத்தார் ‘நாரி நோவு’, ‘சத்தி’ என்று சொல்வது, தமிழ்நாட்டிலிருந்து வந்த எல்லோருக்கும் உடனே இடுப்புவலி, வாந்தி என்று விளங்கிவிடாது. கிடைப்பது ஆள் இருப்பைப் பொறுத்தது. கேட்பதில் நட்டமில்லை.

இணைப்பு குறுஞ்செய்தியிலோ மின்னஞ்சலிலோ வரும். அதைச் செவ்வாய் காலை முதன்முதலாகத் திறப்பது நல்லதல்ல. முந்தைய நாள், அன்று பயன்படுத்தப்போகும் அதே கைபேசியில், தாய் உட்காரப்போகும் அதே அறையில் சோதிக்க வேண்டும். கூடத்தில் வைஃபை நன்றாக வரும்; உள்ளறையில் வராது. ஹெல்த்டைரக்ட் இதற்கென்றே ஒரு சோதனைப் பக்கம் வைத்திருக்கிறது: vcc.healthdirect.org.au/precall. அது உலாவி, கேமரா, மைக், ஒலிபெருக்கி, இணைய வேகம் ஆகியவற்றைச் சரிபார்த்து, எது தேறியது எது தேறவில்லை என்று காட்டும். பேசும்போது ஒலி அளவுக் கோடு அசைந்தால் மைக் வேலை செய்கிறது. கோடு அசையாமல் கிடந்தால், ஒலி வேறெங்கோ போகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அடுத்த அறையில் கிடக்கும் புளூடூத் காதணியோடு கைபேசி தானாக இணைந்திருப்பது அடிக்கடி நடப்பது. புளூடூத்தை அணைத்தால் தீர்ந்தது.

கேமரா தெரியாமல் போவதற்குப் பெரும்பாலும் கருவிக் கோளாறு காரணமல்ல, அனுமதி மறுக்கப்பட்டிருக்கும். முதல்முறை திறக்கும்போது, கேமராவையும் மைக்கையும் பயன்படுத்தலாமா என்று உலாவி கேட்கும். Allow என்பதைத் தொட வேண்டும். புரியாத ஆங்கிலப் பெட்டி வந்தால் ‘வேண்டாம்’ என்பதை அழுத்திவிடுவது வயதானவர்களின் வழக்கம். மோசடிகளுக்கு அஞ்சிப் பிள்ளைகள் சொல்லிக்கொடுத்ததும் அதுதானே. ஆனால் ஒருமுறை மறுத்துவிட்டால் உலாவி அதை நினைவில் வைத்துக்கொண்டு, மறுபடி கேட்காமலே தடுத்துவிடக்கூடும். திரையில் தன் முகம் தெரிய வேண்டிய இடம் கறுப்பாக இருந்தால் இதுதான் நடந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

ஆண்ட்ராய்டு கைபேசியில் குரோமைத் திறந்து, முகவரிப் பட்டையின் இடது ஓரத்தில் உள்ள சிறு குறியைத் தொட்டால் Permissions என்ற வரி வரும். அதில் Camera, Microphone இரண்டையும் இயக்கிவிட்டுப் பக்கத்தை மறுபடி ஏற்ற வேண்டும். அப்படியும் வராவிட்டால், கைபேசியின் அமைப்புகளில் குரோம் செயலிக்கே அனுமதி இல்லாதிருக்கலாம். அங்கும் பார்க்க வேண்டும். ஐபோனில் Settings பகுதியில் Safari என்பதைத் தேடித் திறந்து, Camera, Microphone இரண்டிலும் Deny என்று இருந்தால் Ask என்று மாற்ற வேண்டும். இன்னொரு பொறி, இணைப்பை முகநூல் போன்ற செயலிக்குள் வைத்தே திறப்பது. அந்தச் செயலியின் உள் உலாவிக்குக் கேமரா கிடைக்காமல் போகலாம். இணைப்பை நகலெடுத்துக் குரோமிலோ சஃபாரியிலோ ஒட்டித் திறப்பதே உறுதியான வழி. மடிக்கணினி என்றால், லென்சின் மேல் ஒரு சிறு மூடி இருக்கிறதா, வேறொரு காணொளிச் செயலி கேமராவைப் பிடித்துவைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

செவ்வாய் காலை 10:15க்கு இணைப்பைத் திறந்து Start video call என்பதைத் தொட்டால், பெயரும் தொலைபேசி எண்ணும் கேட்கும். சில பிரிவுகள் பிறந்த தேதியையும் கேட்கும். எளிதாகத் தோன்றும் இந்த இடத்தில் ஒரு தமிழ்ச் சிக்கல் ஒளிந்திருக்கிறது. படிவத்தில் First name, Last name என்று இரு கட்டங்கள். தாய்க்கு வீட்டில் ஒரு பெயர். கடவுச்சீட்டில் தந்தை பெயரோ கணவர் பெயரோ குடும்பப் பெயராக இருக்கும். மெடிகேர் அட்டையில் முன்பின் மாறியும் இருக்கலாம். போதாக்குறைக்கு, கைபேசி மகளுடையது என்றால் மகள் பெயரைத் தானே நிரப்பிவிடும். மருத்துவமனை ஊழியர் தம் பட்டியலில் உள்ள பெயரோடு இதை ஒப்பிட்டுத்தான் ஆளை அடையாளம் காண்கிறார். அறிமுகமில்லாத பெயர் தெரிந்தால், நோயாளி இன்னும் வரவில்லை என்று நினைத்துவிடுவார். மெடிகேர் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் அச்சிட்டிருப்பதை அப்படியே அடிப்பது நல்லது.

அதைத் தாண்டினால் வருவது காத்திருப்பு அறை. தேடிப் போக வேண்டியதில்லை, இணைப்பே அங்கே கொண்டு சேர்த்துவிடும். பல பேரைத் தடுமாறவைப்பது அதன் தோற்றம்தான். திரையில் தன் முகம் மட்டும் இருக்கும், ஏதோ இசை ஓடும், ஒருவரும் பேசமாட்டார்கள். இணைப்பு கெட்டுவிட்டது என்று எண்ணி மூடிவிட்டு மறுபடி திறப்பார்கள். அப்படிச் செய்தால் ஊழியரின் பட்டியலில் இப்போதுதான் வந்த புதிய ஆளாகத் தெரிவார்கள். தன் முகம் தெரிகிறது, இசை கேட்கிறது என்றால் எல்லாம் சரியாகவே இருக்கிறது. மருத்துவர் முன்னவரை முடித்துவிட்டு வரவேண்டும், அவ்வளவுதான். ஒரே இணைப்பைப் பலர் பயன்படுத்தினாலும், காத்திருக்கும் நோயாளிகள் ஒருவரையொருவர் பார்க்க முடியாது. கைபேசித் திரை தானாக அணையாதபடி அமைத்து, மின்னூட்டியில் செருகி வைப்பது நலம். திரை அணைந்தால் தொடர்பு அறுபடக்கூடும். குறித்த நேரத்துக்குப் பிறகும் நெடுநேரம் யாரும் வராவிட்டால், மூடித் திறப்பதைவிட மருத்துவமனைக்குத் தொலைபேசியில் கேட்பதே பயன் தரும்.

அந்தத் தொலைபேசிக்கும் ஆங்கிலம் வேண்டுமே என்றால், அதற்கும் வழி இருக்கிறது. 131 450 என்ற டிஐஎஸ் எண்ணை அழைத்து ‘டமில்’ என்று ஒரே ஒரு சொல் சொன்னால் போதும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வந்தபின், மருத்துவமனையின் பெயரையும் எண்ணையும் கொடுத்தால் அவர்களையும் இணைப்பார்கள். இந்த எண் இரவும் பகலும் இயங்குகிறது. சந்திப்புக் கடிதத்தையும் அடையாள எண்ணையும் அருகில் வைத்திருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.

மருத்துவர் திரைக்கு வந்ததும் மொழிபெயர்ப்பாளரும் சேர்க்கப்படுவார். அவர் தம் இடத்திலிருந்து காணொளியில் வரலாம். அல்லது மருத்துவர் அவரைத் தொலைபேசி வழியாக அழைத்து அதே உரையாடலில் சேர்க்கலாம். இரண்டாவது வகை என்றால் அவருக்குக் குரல் மட்டும்தான் கேட்கும், திரை தெரியாது. தாய் காலைத் தொட்டு ‘இங்கதான் எரியுது’ என்றால், மொழிபெயர்ப்பாளருக்கு ‘இங்க’ என்பது எது என்று தெரியாது. ‘வலது காலின் பெருவிரலில் எரியுது’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மாத்திரையைக் கேமராவில் காட்டினால் மருத்துவர் பார்ப்பார். கூடவே பெட்டியில் உள்ள பெயரையும் அளவையும் படித்துவிட வேண்டும். அவர் தன்மையில் பேசுவார். ‘எனக்குத் தலைசுற்று’ என்று நோயாளி சொன்னால் ஆங்கிலத்திலும் ‘எனக்கு’ என்றே வரும். அதனால் அவரிடம் ‘டொக்டரிடம் சொல்லுங்கோ’ என்று சொல்லாமல் மருத்துவரைப் பார்த்தே பேசலாம். இரண்டு மூன்று வாக்கியம் பேசி நிறுத்தி, அவர் சொல்லி முடித்தபின் தொடர வேண்டும். இருவர் குரலும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் காணொளியில் இரண்டுமே கேட்காது.

மகள் அலுவலகத்திலிருந்து தன் கைபேசியில் சேர்ந்துகொள்வதில் தடையில்லை. ஆனால் அதே அறையில் இருந்துகொண்டு இரண்டாவது கருவியில் சேர்ந்தால், ஒன்றின் ஒலிபெருக்கிச் சத்தம் மற்றதன் மைக்கில் புகுந்து எதிரொலிக்கும். ஒரே அறைக்கு ஒரே கருவி என்பதே விதி.

மொழிபெயர்ப்பதால் ஒவ்வொன்றும் இருமுறை பேசப்படுகிறது. பதினைந்து நிமிடச் சந்திப்பில் பாதிதான் நோயாளிக்குக் கிடைக்கும். அதனால் நேரம் குறிக்கும்போதே கூடுதல் நேரம் கேட்டு வைக்க வேண்டும். முடிப்பதற்கு முன், எந்த மாத்திரை, எந்த வேளை, எத்தனை என்பதைத் தாயே தமிழில் திருப்பிச் சொல்லி, மருத்துவர் சரிபார்க்கும்படி கேட்கலாம். அடுத்த சந்திப்புக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் பதிவாகியிருக்கிறதா என்பதையும், அந்த மொழிபெயர்ப்பாளர் திரையை விட்டுப் போவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.