ஓட வேண்டியது கீழே அல்ல, பக்கவாட்டில் மேலே

1985 நவம்பர் 13 இரவு 9 மணி 8 நிமிடத்துக்குக் கொலம்பியாவின் நெவாடோ டெல் ரூயிஸ் எரிமலை வெடித்தது. ஆற்று வழியாக அங்கிருந்து எழுபது கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த அர்மேரோ என்ற ஊரைச் சேற்று வெள்ளம் எட்டியபோது மணி ஏறக்குறைய பதினொன்றரை. இடையில் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் இருந்தது. ஊரை ஒட்டிக் குன்றுகள் இருந்தன, நடந்தே போயிருக்கலாம். ஆனால் அங்கே வாழ்ந்த சுமார் 29,000 பேரில் 20,000 பேருக்கு மேல் அந்த இரவில் செத்துப்போனார்கள்.

எரிமலை என்றதும் நம் மனக்கண்ணில் சிவப்பாக வழியும் தீக்குழம்புதான் வரும். அது பெரும்பாலும் மெதுவாகத்தான் நகரும். விலகிப் போய்விட முடியும். மனிதர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொல்பவை வேறு இரண்டு. ஒன்று, கொதிக்கும் வாயுவும் சாம்பலும் பாறைத் துண்டுகளும் ஒன்றாகக் கலந்து தரையோடு தரையாகப் பாய்ந்து வரும் கனல் மேகம். பல நூறு டிகிரி வெப்பத்தோடு மணிக்கு நூறு கிலோமீட்டரையும் தாண்டிய வேகத்தில் வரும். மற்றொன்று லஹார் என்று அழைக்கப்படும் சேற்று வெள்ளம். இரண்டிலிருந்தும் தப்பிக்கும் முறை ஒன்றல்ல; அதனால் தப்பிக்கும் வழியையும் தனித்தனியாகத்தான் வகுக்க வேண்டும்.

ரூயிஸில் முதலாவது இரண்டாவதைப் பெற்றெடுத்தது. வெடிப்பு அப்படியொன்றும் பெரியதல்ல. ஆனால் ஐயாயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்த அந்தச் சிகரத்தின் தலையில் பனிப்பாறை படர்ந்திருந்தது. கனல் மேகங்கள் அதன்மேல் பாய்ந்து உரசியதில் பனியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கரைந்தது. அந்தத் தண்ணீர் செங்குத்தான ஓடைகளில் இறங்கி, வழியிலிருந்த மண்ணையும் கல்லையும் ஆற்று நீரையும் அள்ளிக்கொண்டு பல மடங்கு பெருத்தது. கீழே வந்து சேர்ந்தது தண்ணீரல்ல. கட்டட வேலையில் கொட்டும் கான்கிரீட் கலவையைப் போன்ற ஒன்று. அந்த அடர்த்தியால்தான் அது வீடளவு பாறையையும் சுமந்து வந்துவிடும். ஓட்டம் நின்றதும் இறுகிவிடும். உள்ளே சிக்கியவரை வெளியே இழுப்பது மிகக் கடினம்.

பள்ளத்தாக்கை விட்டு வெளியேறாததுதான் சேற்று வெள்ளத்தின் ஒரே பலவீனம். எவ்வளவு பெருத்தாலும் அது ஆற்றுத் தடத்தில்தான் இறங்கியாக வேண்டும். ஆகவே சாலையைப் பிடித்து ஆற்றோடு கீழே ஓடுகிறவரை அது துரத்திப் பிடித்துவிடும். ஆற்றுக்குக் குறுக்காக, பக்கத்து மேட்டில் ஏறியவரை அது கடந்து போய்விடும். அர்மேரோ மக்களிடம் இதை யாராவது உரிய நேரத்தில் சொல்லியிருந்தால் போதும்.

சொல்லும் அளவுக்கு விஷயமும் தெரிந்துதான் இருந்தது. அக்டோபர் 7ஆம் தேதியே அபாய வரைபடம் வெளியாகி, அதில் அர்மேரோ சேற்றின் பாதையில் குறிக்கப்பட்டிருந்தது. 1845இல் இறங்கிய சேற்றுப் படிவின் மேல்தான் அந்த ஊரே எழுந்திருந்தது. பதின்மூன்றாம் தேதி மாலை ஊரில் சாம்பல் விழுந்தது. பதற வேண்டாம், வீட்டுக்குள் இருங்கள் என்று அறிவித்தார்கள். இரவில் மழை கொட்டியது, மின்சாரம் போனது. மலையில் நடந்தது ஊருக்குத் தெரியவில்லை. வரைபடம் இருந்தது, ஆனால் யார் மணியடிப்பது, அடித்தால் எந்தத் தெரு வழியாக எந்தக் குன்றுக்குப் போவது என்று யாரும் முடிவு செய்து வைத்திருக்கவில்லை.

இந்தக் கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில் தேடிக்கொண்ட ஊர்களில் ஒன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள ஆர்டிங். பனி மூடிய ரெய்னியர் எரிமலையிலிருந்து இறங்கும் இரண்டு ஆறுகளுக்கு நடுவே, சுமார் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்திய சேற்றுப் படிவின் மேல் அது அமர்ந்திருக்கிறது. வீடு கட்டத் தோண்டினால் அந்தச் சேறு புதைத்த பழைய மரங்களின் அடிக்கட்டைகள் கிடைக்கும். மலையின் மேற்குச் சரிவு, சூடான அமில நீர் அரித்து நலிந்த பாறையால் ஆனது. வெடிப்பே இல்லாமலும் அது சரிந்து சேறாக இறங்கக்கூடும் என்பதுதான் அறிவியலாளர்களின் பெரும் கவலை. வெடிப்புக்கு முன் மலை நாள்கணக்கில், வாரக்கணக்கில் அறிகுறி காட்டும் என்ற நம்பிக்கைக்கு இங்கே இடமில்லை.

அதனால் ஆற்றங்கரையில் நில அதிர்வை உணரும் கருவிகளை நட்டிருக்கிறார்கள். சேறு உருண்டு வரும் அதிர்வு சாதாரண வெள்ளத்தின் அதிர்விலிருந்து வேறுபடும். மேலேயுள்ள கருவிகள் வரிசையாக அதை உணர்ந்தால் எச்சரிக்கை போகும், ஊரில் சைரன் ஒலிக்கும். அதன் பிறகு ஆர்டிங் மக்களுக்குக் கிடைப்பது சுமார் நாற்பது நிமிடம், அதிகம் போனால் ஒரு மணி நேரம்.

அந்த நேரத்தில் எல்லோரும் கார் எடுத்தால் என்ன ஆகும்? ஊரை விட்டு வெளியேறும் சாலைகள் சில, அவற்றிலும் பாலங்கள். ஒரு வண்டி பழுதானால் பின்னால் வரும் அத்தனை வண்டியும் நிற்கும். ஆகவே பள்ளிப் பிள்ளைகள் நடந்தே மேட்டுக்குப் போகும் திட்டத்தை வைத்திருக்கிறார்கள். ஆண்டுதோறும் நடந்தும் பார்க்கிறார்கள். 2024 மார்ச்சில் அந்தப் பள்ளத்தாக்குப் பகுதியிலுள்ள பல பள்ளி மாவட்டங்களைச் சேர்ந்த சுமார் 45,000 மாணவர்கள் ஒரே நாளில் இந்தப் பயிற்சியில் கலந்துகொண்டார்கள். பெற்றோருக்குச் சொல்லியிருப்பது ஒன்றுதான்: பிள்ளையை அழைத்துவரப் பள்ளிக்கு வண்டி ஓட்டி வராதீர்கள், நீங்களும் நேராக மேட்டுக்குப் போங்கள். ஒரு தாய்க்கு இதைவிடக் கடினமான அறிவுரை இருக்க முடியாது. இதை ஏற்க வைக்கத்தான் அத்தனை ஒத்திகையும் தேவைப்படுகிறது.

கனல் மேகத்துக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அது கிளம்பிய பிறகு ஓடி எட்டக்கூடிய மேடு கிடையாது. அதன் கனமான அடிப்பகுதி பள்ளத்தாக்கில் போனாலும், இலேசான மேற்பகுதி பிரிந்து கரைமேட்டைத் தாண்டிவிடும். இங்கே ஆளைக் காப்பது நேரம் மட்டும்தான். மலை வெடிப்பதற்கு முன்னரே ஊர் காலியாக வேண்டும். இந்தோனேசியாவின் மெராபியில் 2010 அக்டோபர் 25 அன்று எச்சரிக்கை உச்ச நிலைக்கு உயர்த்தப்பட்டது. மறுநாள் மலை வெடித்தது. மலையின் காவலராகப் பல காலம் மதிக்கப்பட்ட முதியவர் மாரிஜன் கிளம்ப மறுத்தார். அவரும், அவரோடு தங்கியவர்களும், அவரை அழைக்கப் போனவர்களும் கருகிப்போனார்கள். சீற்றம் கூடக்கூட விலக்கு எல்லையைப் பதினைந்து, பிறகு இருபது கிலோமீட்டராக விரித்தார்கள். முகாமில் தங்கியிருந்தவர்களே மறுபடி மூட்டை கட்ட நேர்ந்தது. குடும்பங்கள் திசைக்கொன்றாகச் சிதறின. மாட்டுக்குத் தீனி வைக்க ஊருக்குத் திரும்பியவர்களும் உண்டு.

இதைப் பார்த்த பிறகு மகெலாங் மாவட்டத்தில் ஒரு வேலை செய்தார்கள். மேலே உள்ள ஒவ்வொரு கிராமத்துக்கும் கீழே பாதுகாப்பான ஒரு சகோதரக் கிராமத்தை ஒதுக்கினார்கள். எந்தச் சாலை, எந்த வண்டி, எங்கே தங்குவது என்பதை இரு கிராமத்தாரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்கிறார்கள். மாடுகளுக்கும் கீழே கொட்டகை உண்டு. மாடு பத்திரமாக இருந்தால்தான் மனிதன் திரும்பி ஓடமாட்டான் என்பது அவர்கள் பட்டறிந்தது. 2020 நவம்பரில் எச்சரிக்கை ஒரு படி உயர்ந்தபோது கிரிஞ்சிங் கிராமத்தின் முதியவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள் முதலில் கிளம்பினார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்தது தங்களுக்கென ஒதுக்கப்பட்டிருந்த தெயாங்கன் கிராமத்துக்கு.