மாமா, இனி வெளியே சொல்ல வேண்டாம்

காது குத்தும்போது மடியில் உட்கார வைத்துக்கொள்ள, சடங்குக்குச் சீர் கொண்டுவர, கல்யாண மேடையில் முன்னால் நிற்க என்று எல்லாவற்றுக்கும் தாய்மாமன் வேண்டும். ஆகவே, அக்கா வீட்டில் சொத்துத் தகராறு வந்தால் தட்டிக்கேட்கும் உரிமையும் தனக்கு இருக்கிறது என்று அவர் நினைப்பதில் ஆச்சரியம் இல்லை. ஊரும் அப்படித்தான் நினைக்கிறது. அந்த உரிமையை அவர் அக்கா வீட்டுக் கூடத்தில் பயன்படுத்தாமல் கல்யாணப் பந்தியிலும், சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் பயன்படுத்தும்போதுதான் சிக்கல் வருகிறது.

மதுரைப் பக்கம் இப்படி ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அவருடைய சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டிய வீடு, இன்றைய விலைக்கு 45 லட்சம் போகும். அம்மாவும் அண்ணன் குடும்பமும் அதில் இருக்கிறார்கள். தங்கை திண்டுக்கல்லில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அம்மா, அண்ணன், தங்கை மூவருக்கும் சமபங்கு. தங்கைக்கு 15 லட்சம். அண்ணன் பத்துதான் முடியும், அதுவும் இரண்டு தவணையில் என்கிறார். இடையில் நிற்பது ஐந்து லட்சம். நாலு தடவை உட்கார்ந்து பேசினால் தீர்ந்துவிடும்.

அம்மா ஒருநாள் போனில் தம்பியிடம் அழுதுவிட்டார். அடுத்த வாரமே ஒரு கல்யாண மண்டபத்தில், "அப்பன் செத்து வருஷம் திரும்பல, கூடப் பொறந்தவளை ஏமாத்தப் பாக்குறான்" என்று மாமா பந்தியில் சொன்னார். குழுவிலும் பெயர் போடாமல், ஆனால் எல்லோருக்கும் புரிகிற மாதிரி நாலு வரி எழுதினார். அண்ணனின் மகளைப் பெண் கேட்டு வருவதாக இருந்த வீட்டார், கொஞ்ச நாள் போகட்டும் என்றார்கள். அண்ணன் பத்து லட்சத்தையும் நிறுத்தினார். "இப்ப குடுத்தா ஊருக்குப் பயந்து குடுத்த மாதிரி ஆயிடும்" என்பது அவர் வாதம். தங்கைக்கும் வழி அடைபட்டது. பன்னிரண்டு வந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று மனதுக்குள் வைத்திருந்தாள். இப்போது பதினைந்து என்ற கணக்கு மாமியார் வரைக்கும் தெரியும். இறங்கினால் புகுந்த வீட்டில் பதில் சொல்ல வேண்டும். ஊருக்குத் தெரிந்த தொகையிலிருந்து இருவராலும் நகர முடியவில்லை.

மாமா தங்கைக்காகத்தான் பேசினார். எனவே, நிறுத்தச் சொல்ல வேண்டியவளும் அவள்தான். அண்ணன் போனால் குற்றவாளி வாயை மூடச் சொல்வது போல ஆகும். அண்ணியோ, தங்கையின் கணவரோ போனால் வெளியாள் வந்து கேட்பதாக மாமாவுக்குப் படும். அம்மா கேட்கலாம். ஆனால் பேச ஆரம்பித்தாலே அழுகை வரும், பழைய கதையெல்லாம் கிளம்பும். யாருக்காகச் சண்டை போட்டாரோ அவள் வாயிலிருந்து வரும்போதுதான் அது நன்றிகெட்ட பேச்சாகத் தெரியாமல் வேண்டுகோளாக விழும்.

போனிலோ, எழுத்திலோ கேட்பதைவிட நேரில் கேட்பது நல்லது. எழுதி அனுப்பினால் அதுவும் இன்னொருவருக்குப் போய்ச் சேர வாய்ப்பிருக்கிறது. விசேஷ வீட்டில் ஓரமாகக் கூப்பிட்டுப் பேசுவதும் வேண்டாம். நாலு பேர் பார்க்கும்போது எந்தப் பெரியவரும் இறங்கிவர மாட்டார். காலையில் அவர் வீட்டுக்கே போய், காபி குடித்து, அத்தையிடம் நலம் விசாரித்த பிறகு ஆரம்பிக்கலாம். அத்தை அங்கேயே இருந்தால் இன்னும் நல்லது. பிறகு மாமா மறந்துபோகும்போது ஞாபகப்படுத்த ஓர் ஆள் கிடைக்கும்.

பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகலாம்:

"மாமா, எனக்காகக் கேக்க நீங்க ஒருத்தராவது இருக்கீங்கன்னு மனசுக்குத் தெம்பா இருக்கு. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அண்ணனோட பேச்சு முடியிற வரைக்கும் இதை வெளியில யார்கிட்டயும் பேச வேண்டாம் மாமா. வெளியில தெரிஞ்சதும் அண்ணன் குடுக்கறேன்னு சொன்னதையும் நிறுத்திட்டாரு."

"நான் இல்லாததையா சொன்னேன்? நடந்ததைத்தானே சொன்னேன்?"

"நடந்ததுதான் மாமா. நீங்க பொய் சொன்னீங்கன்னு நான் சொல்லல. ஊருக்குத் தெரிஞ்சதால எனக்குத்தான் நஷ்டம்."

இந்தக் கடைசிப் பதில்தான் முக்கியம். அவர் சொன்னது சரியா தப்பா என்ற விவாதத்தில் இறங்கினால் வந்த காரியம் கெட்டுவிடும். மாமாவின் கருத்து அவரிடமே இருக்கட்டும். வெளியில் பேசுவதை மட்டும் நிறுத்தினால் போதும். மன்னிப்பு கேட்கச் சொல்வதோ, மண்டபத்தில் சொன்னதை மறுத்துச் சொல்லச் சொல்வதோ கூடாது. குழுவில் போட்டதை அழிக்கச் சொல்வதிலும் பெரிய பயனில்லை. எல்லோரிடமிருந்தும் அழிக்கும் வசதி அனுப்பிய இரண்டு நாளுக்குச் சற்று மேல் வரைதான் அனுப்பியவருக்கு இருக்கும். அது கடந்த பிறகு கேட்டால், முடியாததைக் கேட்டு அவரைச் சங்கடப்படுத்துவதாகத்தான் ஆகும். அதேபோல, "நீங்க பேசினதை இன்னார் வந்து சொன்னாங்க" என்று ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் அன்று மாலையே மாமா அந்த வீட்டு வாசலில் நிற்பார். சண்டை இரண்டாகும்.

அவரைப் பேசவைப்பது பெரும்பாலும் வாய்க்கொழுப்பு இல்லை, பயம்தான். தான் சும்மா இருந்தால் பெண்ணை ஏமாற்றிவிடுவார்கள் என்று நினைக்கிறார். அந்தப் பயத்துக்கு வரலாறும் உண்டு. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956இல் வந்தபோது, ஆண் வாரிசுகள் குடியிருக்கும் குடும்ப வீட்டை அவர்களாகப் பிரிக்க முன்வரும் வரை, பெண் வாரிசு பிரித்துக் கேட்க முடியாது என்று 23ஆவது பிரிவு சொன்னது. அந்தக் காலத்தில் ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் சொன்னால்தான் பெண்ணுக்கு ஏதாவது கிடைக்கும் என்பதில் நியாயம் இருந்தது. 2005ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தப் பிரிவையே நீக்கிவிட்டது. இன்று வீட்டைப் பிரித்துத் தரும்படி தங்கை நேரடியாகக் கேட்கலாம். அவள் கையெழுத்து இல்லாமல் அவள் பங்கை வேறொருவர் விற்றுவிட முடியாது. இதை மாமாவிடம் நிதானமாகச் சொன்னால், ஊரைக் கூட்ட வேண்டிய அவசியம் அவருக்கே குறைவாகத் தெரியும். பேசித் தீராவிட்டால் சமரச மையம் இருக்கிறது என்றும் சொல்லலாம். அங்கே பேசுவது வெளியே போகக் கூடாது என்பது 2023ஆம் ஆண்டின் சமரசச் சட்டத்திலேயே இருக்கிறது.

இவ்வளவும் சொன்ன பிறகும் ஒரு நடைமுறைச் சங்கடம் மிச்சமிருக்கும். நாளைக்கு யாராவது, "என்னாச்சுங்க அக்கா வீட்டுப் பிரச்சினை?" என்று மாமாவிடம் கேட்பார்கள். விஷயத்தை ஆரம்பித்தவரே அவர்தான். சும்மா தலையாட்டிவிட்டுப் போக அவரால் முடியாது. அவர் கையில் ஒரு பதில் கொடுத்துவிட வேண்டும். "பிள்ளைங்க உக்காந்து பேசிக்கிட்டு இருக்காங்க, நல்லபடியா முடியும்" என்று சொன்னால் போதும். அது உண்மையாகவும் இருக்க வேண்டும். ஆகவே, மாமாவைப் பார்க்கப் போகும் முன்பே அண்ணனிடம் பேச ஒரு தேதி வாங்கிக்கொள்வது நல்லது. பத்திரம் எழுதும் அன்று நீங்கள் வந்து உடன் நிற்க வேண்டும் என்று இப்போதே கேட்டு வைக்கலாம். தாய்மாமனுக்கு உரிய இடம் போய்விடவில்லை என்று அவருக்கும் தெரியும்.

ஒரே சந்திப்பில் பல நாள் பழக்கம் நின்றுவிடாது. அடுத்த வளைகாப்பில் ஒரு வாக்கியம் நழுவலாம். அங்கேயே முகம் சுளிக்காமல், ஓரிரு நாள் கழித்துப் போனில், "மாமா, அன்னிக்கு ஒத்துக்கிட்டீங்களே" என்று மட்டும் கேட்டால் போதும். நழுவல் இல்லாமல் வேண்டுமென்றேதான் பேசுகிறார் என்று உறுதியானால், இரண்டாவது தடவை போய்க் கெஞ்ச வேண்டியதில்லை. உறவையும் முறையையும் அப்படியே வைத்துக்கொண்டு, அவருக்குச் செய்தி போகும் வழியை மூடிவிடலாம். எவ்வளவுக்குப் பேச்சு நடக்கிறது, எந்தத் தவணை என்பதெல்லாம் பத்திரம் பதிவாகும் வரை அண்ணன் தங்கைக்குள்ளேயே இருக்கட்டும். இதில் கஷ்டமானது அம்மாவிடம் சொல்வதுதான். ஏனென்றால் அவர் தினமும் சாயங்காலம் தம்பிக்குப் போன் போடுகிறார்.