ஆன்லைன் யோகா வகுப்பு: எத்தனை பேர், என்ன கட்டணம்?

ஒரு வகுப்பில் எத்தனை பேரைச் சேர்க்கலாம்?

லேப்டாப்பில் நடத்தினால் ஆறு பேர் போதும். அதற்கு மேல் போனால் ஒவ்வொருவரும் தெரியும் கட்டம் சிறுத்து, முழங்கால் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதே உங்களுக்குத் தெரியாது. அவர்கள் கேமராவைப் பாய்க்குப் பக்கவாட்டில், தலை முதல் கால்வரை தெரியும்படி வைக்க வேண்டும். முதல் வகுப்பில் பத்து நிமிடம் இதற்கே போகட்டும்.

கைவைத்துத் திருத்த முடியாதே?

முடியாது. அதனால் சிரசாசனம், சர்வாங்காசனம், ஹலாசனம் மூன்றையும் ஆன்லைனில் புதியவர்களுக்குக் கற்றுத் தராதீர்கள். கழுத்துக்குச் சுமை ஏறும்போது தாங்கிப் பிடிக்க அங்கே ஆளில்லை.

சேரும்போதே நோய், அறுவை சிகிச்சை, கர்ப்பம் பற்றி எழுதி வாங்குங்கள். ரத்த அழுத்தம் அதிகம் உள்ளவர்களுக்குக் கபாலபாதி (வயிற்றைச் சுண்டி மூச்சை வேகமாக வெளியேற்றும் பயிற்சி) வேண்டாம். கிளாக்கோமா (பெரும்பாலும் கண்ணழுத்தம் கூடிப் பார்வை நரம்பைக் கெடுக்கும் நோய்) உள்ளவர்கள் தலையைத் தொங்கவிடக் கூடாது. கர்ப்பிணிகளும் முதுகு டிஸ்க் பிரச்சினை உள்ளவர்களும் மருத்துவர் சம்மதித்த பிறகு வரட்டும்.

வகுப்பில் யாராவது மயங்கி விழுந்தால்?

நீங்கள் ஓடிப்போக முடியாது. ஆகவே ஒவ்வொருவரின் வீட்டு முகவரியும், அதே வீட்டிலோ பக்கத்திலோ இருக்கும் ஒருவரின் எண்ணும் கையருகே இருக்கட்டும். நெஞ்சுவலி, தலைசுற்றல், கால் மரத்துப்போதல் என்று யார் சொன்னாலும் அவருக்கு அன்றைய பயிற்சி அத்துடன் முடிந்தது.

எவ்வளவு கட்டணம் கேட்கலாம்?

வாரம் மூன்று வகுப்பு என்றால் மாதம் 12. ஒரு மணி நேர வகுப்புக்குத் தயாரிப்பு, வாட்ஸ்அப் பதில்கள் என்று இன்னும் அரை மணி போகும். ஆக மாதம் 18 மணி நேரம். மணிக்கு 400 ரூபாய் வேண்டுமென்றால் 7,200. ஜூம் இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் இணைப்பு அறுந்துவிடும் என்பதால் சந்தா கட்ட வேண்டும். அதற்கும் இன்டர்நெட்டுக்கும் 1,200 வைத்தால் மொத்தம் 8,400.

இதை ஆறால் வகுக்காதீர்கள். ஒருவர் நின்றுவிட்டால் பணம் குறையும். ஐந்தால் வகுத்தால் 1,680. தலைக்கு 1,700 என்று வைத்து, மாதத் தொடக்கத்திலேயே வாங்கிவிடுங்கள்.

வந்தவர்கள் ஏன் நிற்கிறார்கள்?

பலர் இரண்டு மூன்று வகுப்பைத் தவறவிட்டு, கூச்சத்தில் அப்படியே நின்றுவிடுவார்கள். இரண்டாவது வகுப்புக்கும் வராத அன்றே, "முதுகு இப்போ எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டாம்.

முன்னேற்றம் தெரியாமல் நிற்பவர்களும் உண்டு. முதல் நாள் சுவரருகே நின்று ஒற்றைக்காலில் எத்தனை விநாடி நிற்கிறார் என்று குறித்து, மாதக் கடைசியில் மறுபடி பாருங்கள். எண் கூடியிருந்தால் அதை அவரிடம் சொல்லுங்கள்.

ஏழாவது ஆள் வந்து கேட்டால்?

பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்படி ஐந்து பேர் சேர்ந்ததும் வேறு நேரத்தில் இரண்டாவது வகுப்பைத் தொடங்கலாம். ஒரு வகுப்பைத் தவறவிட்டவர்கள், இடமிருந்தால் மற்றதில் வந்து ஈடுகட்டவும் வழி கிடைக்கும்.