சபரிமலை பஸ்ஸுக்குப் பாட்டுப் பட்டியல்

சென்னையில் சாயங்காலம் இருமுடி கட்டிக் கிளம்பும் பஸ், திருச்சி, திண்டுக்கல், தேனி, குமுளி வழியாக எருமேலியைத் தொட மறுநாள் காலை ஆகிவிடும். அத்தனை மணி நேரத்துக்கும் பாட்டு வேண்டும் என்று நினைத்து முந்நூறு பாட்டை பென் டிரைவில் கொட்டிக்கொண்டு வருபவர் குழுவுக்கு ஒருவராவது இருப்பார். தூக்கம், சாப்பாடு, டீக்கடை, சாமிமார் வாயாலேயே போடும் சரணம் எல்லாம் போக, ஐந்து மணி நேரப் பாட்டு இருந்தால் தாராளம். சராசரி பாட்டு நாலரை நிமிடம் என்றால் அறுபத்தைந்து பாட்டு. எந்த நேரத்தில் எது ஒலிக்க வேண்டும் என்பதில்தான் வேலை இருக்கிறது.

ஆரம்பத்தில் யோசிக்க ஒன்றுமில்லை. தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரம் ஏறியதும் சீர்காழி கோவிந்தராஜனின் விநாயகர் பாட்டு. அதன் பிறகு இரவுச் சாப்பாடு வரை கூட்டம் உற்சாகமாக இருக்கும், கே. வீரமணியின் ‘பள்ளிக்கட்டு சபரிமலைக்கு’ போன்ற, ஒருவர் பாடக் குழு திருப்பிச் சொல்லும் பாட்டுகள் இங்கேதான் எடுபடும். பாட்டைத் தேர்ந்தெடுக்க ஒரு சுலபமான சோதனை உண்டு. இதுவரை கேட்டிராத கன்னிசாமி, இரண்டாவது சரணத்திலேயே கூடச் சேர்ந்து பாடிவிட முடிகிறதா? முடியாவிட்டால் அது வீட்டில் தனியாகக் கேட்கிற பாட்டு, பஸ்ஸுக்கு ஆகாது.

இரவு பதினொரு மணி வாக்கில் ‘ஹரிவராஸனம்’. கே. ஜே. யேசுதாஸின் குரலில் நமக்குப் பழகிய வடிவம், 1975-ல் வந்த ‘சுவாமி ஐயப்பன்’ படத்துக்காக ஜி. தேவராஜன் இசையமைத்தது. சன்னிதானத்தில் இரவு நடை சாத்தும்போது ஒலிப்பதும் அவர் குரல்தான். அமைந்திருக்கும் ராகம் மத்தியமாவதி; கச்சேரியை மங்களமாக முடிக்க வித்வான்கள் கையாளும் ராகம் அது. சாமியை உறங்க வைக்கும் பாட்டைப் பட்டப்பகலில் நாலு தடவை போடுவது எனக்கு ஒப்பவில்லை. இரவில் ஒரே ஒரு முறை போடுங்கள், அதோடு பின்பக்க ஸ்பீக்கர்களை அணைத்துவிடுங்கள். பெரும்பாலான பஸ் செட்டுகளில் முன்பக்கம் மட்டும் ஒலிக்கும்படி வைக்க முடியும். விடியும் வரை அந்த முன்பக்கம் டிரைவருக்குச் சொந்தம். அவருக்கு இளையராஜாதான் வேண்டுமென்றால் ஐயப்பன் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆனால் இரண்டு மணிக்கு மேல் சொக்கும் கண்ணை எந்தப் பாட்டும் திறந்து வைக்காது. அதற்கு டீயும், ஓரங்கட்டி நிறுத்துவதும், மாற்று டிரைவரும்தான் வழி.

விடியற்காலையில் நீளமான பாராயணங்கள். எம். எஸ். சுப்புலட்சுமியின் சுப்ரபாதம், சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசம் இரண்டுமே இருபது நிமிடத்தை ஒட்டியவை. கூடவே முணுமுணுத்து வரும் பெரியவர்களுக்கு, பாதியில் டீக்கு நிறுத்தினால் மனம் கெட்டுப்போகும். அதனால் தேனியில் டீ குடித்து முடித்து, எல்லாரும் ஏறிய பிறகு ஆரம்பியுங்கள். கம்பம் வருவதற்குள் இரண்டும் முடிந்துவிடும்.

லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறும்போதும், குட்டிக்கானத்திலிருந்து முண்டக்கயத்துக்கு இறங்கும்போதும் செட்டை நிறுத்திவிடுவது நல்லது. வளைவில் எதிரே வரும் வண்டியின் ஹாரன் டிரைவர் காதில் விழ வேண்டும். வயிற்றைப் புரட்டிக்கொண்டு இருப்பவருக்கும் டிரம்ஸ் சத்தம் உதவாது. முண்டக்கயத்திலிருந்து எருமேலி வரை மறுபடி கூட்டுப் பாட்டு. எருமேலியில் பேட்டைத் துள்ளலின் கொட்டுச் சத்தம் தெருவிலேயே இருக்கிறது.

இப்படி நேரம் பார்த்து அடுக்கியதை பஸ் செட் ஒரே நொடியில் கலைத்துவிடக்கூடும். பழைய செட்டுகள் பலவும் பெயர் வரிசையைப் பார்க்காமல், எந்தப் பாட்டு முதலில் பென் டிரைவில் ஏறியதோ அந்த வரிசையில் பாடும். சுப்ரபாதம் இரவு எட்டு மணிக்கு வருவது இதனால்தான். பென் டிரைவை FAT32 வடிவில் காலி செய்துகொண்டு, கோப்புகளுக்கு 001, 002 என்று முன்னால் எண் கொடுத்து, அதே வரிசையில் ஒவ்வொன்றாக ஏற்றினால் இரண்டு வகை செட்டிலும் ஒழுங்காக வரும். மாலை, நள்ளிரவு, விடியல் என்று தனித்தனி ஃபோல்டர் இருந்தால், பஸ் தாமதமானாலும் அடுத்த கட்டத்துக்குத் தாவலாம். போனை ப்ளூடூத்தில் இணைத்தால் யாரோ அழைக்கும் ரிங்டோன் பஸ் முழுக்கக் கேட்கும்; மலையில் சிக்னலும் நம்ப முடியாது.

இன்னொரு தொல்லை சத்தம். கேசட் காலத்துப் பதிவு மெதுவாக இருக்கும், அதை ஏற்றி வைத்திருக்கும்போது அடுத்து வரும் புதுப் பாட்டு காதைப் பிளக்கும். MP3Gain மென்பொருளில் எல்லாப் பாட்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவரலாம். கிளம்பும் முன் நீங்கள் போகும் அதே பஸ்ஸில் நாலைந்து பாட்டைத் தாவித் தாவிப் போட்டுப் பாருங்கள்.

பெரிய வண்டிகள் நிலக்கல்லோடு நின்றுவிடும் என்பதால் பட்டியலும் அங்கே முடியலாம். திரும்பி வருவதற்கென்று தனிப் பட்டியல் போட்டு மெனக்கெட வேண்டாம். மலை இறங்கி வந்து உட்கார்ந்த பத்தாவது நிமிடம் குருசாமி உட்பட அத்தனை பேரும் குறட்டைதான்.